சனிக்கிழமை விருந்துக்கு என்னால் வர இயலவில்லை

அன்பு நண்பா,

உன் 40-ஆவது பிறந்தநாள் விருந்துக்கான அழைப்பை நேற்று மாலையே பார்த்துவிட்டேன். எப்படியாவது வருவதற்கு வழி கிடைக்குமா என்று இன்று காலை அலுவலகத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் உடனே பதில் அனுப்பவில்லை. கேட்டும் பார்த்தாயிற்று, வழி பிறக்கவில்லை. வரும் சனிக்கிழமை இரவு என்னால் வர இயலாது. சாப்பாட்டுக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஆள் கணக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதில் எங்கள் வீட்டுக்கு ஒருவரைக் குறைத்துக்கொள். என் மனைவியும் மகளும் கட்டாயம் வருவார்கள். நான் வராததை அவர்கள் பெரிய குறையாக நினைப்பதாகவும் தெரியவில்லை.

காரணம் வேலைதான். எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குகள் முழுவதையும் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றும் பணி அன்றிரவுதான் நடக்கிறது. பயன்பாடு மிகக் குறைவாக இருக்கும் நேரம் என்பதால், சனி இரவு 10 மணி முதல் ஞாயிறு காலை 5 மணி வரை சேவையை நிறுத்திவைக்கப் போவதாக வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இரண்டு வாரங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். எனவே அதைத் தள்ளிப்போடும் பேச்சுக்கே இடமில்லை. டேட்டாபேஸ் என் பொறுப்பில் இருக்கிறது. எல்லாத் தகவலும் ஒன்று விடாமல் புதிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதா என்று சரிபார்த்து, சேவையைத் திறக்கலாமா, இல்லை பழையபடியே திருப்பிவிட வேண்டுமா என்று சொல்ல வேண்டியவன் நான்தான். வழக்கமாக எனக்குப் பதிலாக நிற்கக்கூடிய சக ஊழியருக்குப் போன வாரம்தான் குழந்தை பிறந்திருக்கிறது. அவரை அழைத்து இரவு முழுவதும் கண்விழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்படியும் அவர் விழித்துக்கொண்டுதான் இருப்பார் என்பது வேறு விஷயம்.

விருந்து 7 மணிக்குத்தானே தொடங்குகிறது, தலையைக் காட்டிவிட்டு 9 மணிக்குக் கிளம்பலாமே என்று நீ கேட்பாய். நானும் முதலில் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனால் கடைசி பேக்கப் மாலை 6 மணிக்குத் தொடங்குகிறது. அது முடிந்ததும் அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்த்து, அது உண்மையிலேயே வேலை செய்கிறது என்று உறுதி செய்துகொள்ளாமல் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. அந்த நேரத்தில் உன் வீட்டுக் கூடத்தில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு நான் நின்றால், அங்கும் உதவாமல் இங்கும் உதவாமல் போவேன். அப்படி அரைகுறையாக வருவதைவிட வராமல் இருப்பதே மேல் என்று பட்டது.

எனக்கு உள்ளபடியே வருத்தம்தான். கல்லூரிக் காலத்து விடுதிக் கூட்டம் மொத்தமும் ஒரே இடத்தில் சேருவது அடிக்கடி நடப்பதில்லை. அதிலும், வெளிநாட்டிலிருந்து வருகிற நம் பழைய அறைத்தோழனைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவன் ஞாயிற்றுக்கிழமையும் ஊரில் இருப்பான் என்றால் என்னிடம் சொல்லச் சொல். மதியம்வரை தூங்கி எழுந்துவிட்டு மாலையில் நானே அவன் தங்கியிருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிடுகிறேன்.

நான் ஒப்புக்கொண்ட வேலைகளை நினைத்து நீ கவலைப்பட வேண்டாம். ஸ்பீக்கரையும் அதற்கான நீள வயரையும் சனிக்கிழமை காலையில் உன் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன். பழைய படங்களைத் தொகுத்து வைத்திருக்கிறேன். அவற்றை ஒரு பென்டிரைவில் போட்டு மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ மீசை வளர்க்க முயன்ற காலத்துப் படங்களை எடுத்துவிடும்படி கேட்டிருந்தாய். அந்தக் கோரிக்கையை நான் பரிசீலிக்கவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமைக்குப் பிறகு எனக்கு ஓய்வு கிடைக்கும். அந்தச் சனிக்கிழமை மாலை உனக்கு வசதிப்படுமானால் நாம் இரு குடும்பமும் எங்கள் வீட்டிலேயே சேர்ந்து சாப்பிடலாம். சமையல் என் பொறுப்பு, ஆகவே எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொண்டு வா. எது வசதி என்று விருந்து வேலைகளெல்லாம் முடிந்தபின் மெதுவாகச் சொன்னால் போதும், அவசரமில்லை.

கேக் வெட்டும்போது மகள் எனக்கு வீடியோ கால் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் எடுத்துவிடுவேன். எடுக்கவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாமல் என் பங்குத் துண்டை அவளிடமே கொடுத்தனுப்பு.

பிறந்தநாள் வாழ்த்துகள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்