ஞாயிறு விளையாட்டுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை யோசனை: ரேஸ்கோர்ஸ் ஹாக்கி டர்ஃப், கோப்பைக்குப் பிறகு

மதுரை, 5 ஜனவரி 2026

வணக்கம் சார்,

நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை 24 அணிகளோடு நடந்த ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் நம்ம ரேஸ்கோர்ஸிலும் முடிந்துவிட்டது. இந்தியா வெண்கலம் வாங்கியதை எல்லாரும் எழுதியாச்சு. நான் கேட்க நினைப்பது அடுத்த கேள்வி: அந்த நீல டர்ஃபில் மதுரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது?

இது வெறும் இட ஒதுக்கீட்டுப் பிரச்சினை இல்லை. மண் தரையில் பந்து சின்னக் கல்லில் பட்டாலும் எகிறும். அதனால் பையன் மட்டையைக் கொஞ்சம் தூக்கி, உடம்பைப் பந்துக்குப் பின்னால் வைத்தே நிறுத்தப் பழகியிருப்பான். ஈரமான டர்ஃபில் அதே பந்து தரையோடு வழுக்கி வரும். மட்டை இறங்குவதற்குள் அடியில் போய்விடும். பெனால்டி கார்னரில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தண்ணீர் தெளிக்காமல் ஆடினாலும் பந்து துள்ளும், விழுந்தால் முழங்கால் தோல் உரியும். ஆகவே தண்ணீர்ச் செலவும் கட்டுரையில் வரணும்.

இரண்டு அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள், 14 முதல் 17 வயதுக்குள் நான்கு வீரர்கள் (பெற்றோர் சம்மதத்தோடு), தெளிப்பான் இயக்கும் ஊழியர், மாவட்ட விளையாட்டு அலுவலர் ஆகியோரிடம் பேசுவேன். ஆசிரியர்கள் இருவரும் சம்மதித்துவிட்டார்கள். அலுவலரிடம் இனிமேல்தான் கேட்கணும். முன்பதிவுப் பதிவேடு, கட்டண விவரம், தண்ணீர்ச் செலவு கேட்டு ஜனவரி 2-ல் தகவல் உரிமை மனு போட்டிருக்கிறேன். 30 நாள் கெடு பிப்ரவரி 1-ல் முடிகிறது. பதில் வராவிட்டால், ஒரு வாரம் காலை, மாலை மைதானத்தில் இருந்து நானே எண்ணிய கணக்கைப் போடுவேன். அது ஒரு வாரக் கணக்கு மட்டுமே என்று கட்டுரையிலேயே சொல்லிவிடுவேன்.

ஒரு சின்னச் சோதனையும் உண்டு. அதே பையன், அதே பந்து, 15 மீட்டர் புஷ், இரண்டு தரையிலும் பத்துப் பத்துத் தடவை. எத்தனை பந்து கைக்குள் நின்றது என்பதைப் பெட்டிச் செய்தியாகப் போடலாம். அன்றைக்குப் புகைப்படக்காரர் ஒருவர் வேணும்.

15 முதல் 17 வரை அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஊரே வாடிவாசலில் இருக்கும். அப்போது யாரும் ஹாக்கி பேச மாட்டார்கள். 19-ல் ஆரம்பித்து மாதக் கடைசிக்குள் களவேலையை முடிக்கிறேன். பிப்ரவரி 9 திங்கள் காலை 1,200 சொற்கள் உங்கள் கையில், 15 ஞாயிறு பக்கத்தில். மார்ச்சுக்குத் தள்ளினால் பொதுத்தேர்வு வந்து மைதானம் எப்படியும் காலியாகத்தான் தெரியும், படம் பொய் சொல்லும்.

தலைப்பில் ‘வீண்’ என்ற சொல்லை இப்போதே வைத்துவிட வேண்டாம் சார். பதிவேடு நிரம்பியிருந்தால், நிரப்புவது பள்ளிகளா, கட்டணம் கட்டும் கிளப்புகளா என்பதுதான் செய்தி.

வெள்ளிக்குள் சரியா இல்லையா என்று ஒரு வரி போடுங்கள். இந்த வாரம் வேறு எந்தப் பத்திரிகைக்கும் இதை அனுப்பவில்லை.

இப்படிக்கு,
பகுதிநேர விளையாட்டுச் செய்தியாளர்,
கே.புதூர், மதுரை