சம்பளம் ஏன் கூட: களுவாஞ்சிக்குடி தையல் தொழிற்சாலையில் முதலாளியின் பேச்சு

தங்கச்சிமாரே, தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மெஷினை நிறுத்திவிட்டு வரச் சொன்னேன். இந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு, அவசரப்படாமல் இருந்து கேளுங்கள்.

புதுச் சம்பளத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சு என் காதுக்கு வந்தது. அக்காவுக்கு இரக்க குணம், அதனால் கூட்டித் தாறா என்பது ஒன்று. இப்போது கூட்டிவிட்டுப் பிறகு டார்கெட்டை ஏற்றப் போறா என்பது மற்றது. இரண்டுமே சரியில்லை. உண்மைக் காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 30,000 ரூபாய். இந்தப் பக்கத்தில் தையல் வேலைக்குக் கொஞ்சம் முன்பின்னாக அதுதான் கிடைக்கிறது. இங்கே ஆறு மாதம் முடித்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 38,000. அந்த மேலதிக 8,000க்கு நான் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். ஆகவே ஒருவருக்கு மாதம் 9,200 ரூபாய் எனக்குக் கூடுதல் செலவு. சின்னக் காசு இல்லை. இதைக் கொடுத்தும் தொழிற்சாலைக்கு இலாபம்தான் என்று கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

காலர் தைக்கிற பிள்ளை ஒருத்தி திடீரென்று நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவளுக்குக் கை பழக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஊசி உடையும், துணி வீணாகும், பிரித்துத் தைக்க வேண்டும். அவள் மட்டும் பிந்துவதில்லை. காலர் வராவிட்டால் அடுத்த மெஷினில் இருப்பவளுக்கு வேலை இல்லை, அயன் பண்ணுகிற தம்பிமாரும் சும்மா நிற்க வேண்டும். ஒரு கதிரை காலியானால் முழு லைனும் படுத்துவிடுகிறது. பள்ளிச் சீருடை ஓடர் ஒரு வாரம் பிந்தினால் கடைக்காரர் அடுத்த வருடம் நம்மிடம் வரமாட்டார். அந்த நட்டத்தோடு பார்க்கும்போது 9,200 குறைவு.

சம்பளம் போதாதபோதுதான் பிள்ளைகள் கட்டுநாயக்காவுக்குப் போகிறார்கள், குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஊரிலேயே இருந்து பிழைக்க முடியும் என்றால் பெரும்பாலானோர் இருப்பார்கள் என்று நம்புகிறேன். இரவில் கடன்காரரை நினைத்துத் தூங்காமல், காலையில் வெறும் தேத்தண்ணியோடு வருகிற பிள்ளையின் கை பின்னேரம் தளரத்தான் செய்யும். அப்போது தையல் கோணும். வயிறும் மனதும் நிறைந்து வருகிறவளை மேற்பார்வைக்காரர் பின்னால் நின்று விரட்டத் தேவையில்லை.

1914இல் அமெரிக்காவில் கார் செய்த ஹென்றி ஃபோர்ட் இதைச் செய்தார். ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்ததால் நாட்கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி ஐந்து டொலர் ஆக்கினார், வேலை நேரத்தையும் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். ஆட்கள் வேலையில் நிலைத்து நின்றார்கள். ஆனால் அந்தக் காசுக்குத் தகுதியா என்று பார்க்க வேலையாட்களின் வீடுகளுக்கும் ஆள் அனுப்பினார். அதை நான் செய்யமாட்டேன். வாசலுக்கு வெளியே உங்கள் வாழ்க்கை உங்களுடையது.

வாசலுக்கு உள்ளே நான் எதிர்பார்ப்பது உண்டு. இந்தப் பக்கத்தில் வேறெங்கும் இந்தச் சம்பளம் கிடைக்காது என்பதால் இந்த வேலையை இழப்பது உங்களுக்கு வலிக்கும். எனக்கும் அது தெரியும், அதை மறைக்க விரும்பவில்லை. சொல்லாமல் லீவு போடுவதையும், பழுதான துணியைக் கட்டுக்குள் ஒளித்து வைப்பதையும் பொறுக்கமாட்டேன். பழுது நடந்தால் உடனே காட்டுங்கள், அதற்காக ஒரு சதம்கூட வெட்டமாட்டேன். வெள்ளாமை வெட்டு, கண்ணகி அம்மன் சடங்கு, பெருநாள் எல்லாம் வரும். முன்கூட்டிச் சொன்னால் ஆளை மாற்றிப் போடலாம்.

டார்கெட் இப்போது இருப்பதுதான். புது மாதிரி உடுப்பு வந்தால் மட்டும், லைனில் இருந்து இரண்டு பேரைக் கூட வைத்துக்கொண்டு நேரம் பார்த்து முடிவு செய்வோம். ஓ.டி. விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்.

மாத முடிவில் சம்பளச் சீட்டைக் கவனமாகப் பாருங்கள். 38,000இல் உங்கள் 8 வீதம் 3,040 கழிந்து 34,960 கைக்கு வரும். என் 12 வீதமும் சேர்ந்து 7,600 சேமலாப நிதியில் உங்கள் பெயரில் விழும். கணக்கு ஒத்துவராவிட்டால் நேரே என்னிடம் வாருங்கள்.

சரி, இனி நீங்கள் கேளுங்கள். அயன் பகுதித் தம்பிமார் கொடுப்பனவு பற்றி ஏதோ கேட்க வேண்டும் என்றார்கள், அவர்களிடமிருந்து தொடங்குவோம்.