‘பி’ பிளாக் லிஃப்ட் பழுது: வெள்ளி மாலை வரை மாற்று ஏற்பாடுகள்

நாள்: 11-11-2025, செவ்வாய், காலை 9 மணி
இடம்: மேல் குன்னூர்

‘பி’ பிளாக்கில் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

நேற்று (திங்கள்) மாலை 6.40க்கு நம் பிளாக்கின் லிஃப்ட் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே இருந்த இருவரும் 25 நிமிடத்தில் பத்திரமாக வெளியே வந்துவிட்டார்கள். லிஃப்ட் இப்போது மூன்றாம் மாடியில் நிறுத்தப்பட்டு, மெயின் சுவிட்ச் பூட்டப்பட்டுள்ளது. 14-11-2025 வெள்ளி மாலை 4 மணிக்கு மீண்டும் ஓடும் என எதிர்பார்க்கிறோம். மழையால் மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் சனி மாலை ஆகலாம்.

வயதானவர்கள் வீட்டில் இருந்தால் முதலில் இதைப் படியுங்கள்

மூன்றாம் மாடியின் பின்பக்க இரும்புப் பாலம் மேல் சாலைக்குப் போகிறது. காட்டெருமை நடமாட்டத்துக்காகப் பூட்டியே வைத்திருந்த அந்த மேல் கேட்டை இன்று முதல் காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை திறந்து வைக்கிறோம். ஒரு காவலர் அங்கேயே இருப்பார். இதைப் பயன்படுத்தினால் யாரும் ஒரு மாடிக்கு மேல் படி ஏறி இறங்க வேண்டியதில்லை. மூன்றாம் மாடியினருக்குப் படியே கிடையாது. நான்காம் மாடியினர் ஒரு மாடி இறங்கினால் போதும், இரண்டாம் மாடியினர் ஒரு மாடி ஏறினால் போதும். முதல் மாடியினர் வழக்கம்போலக் கீழ் வாசலுக்கே வரலாம்.

ஆட்டோவுக்கோ டாக்ஸிக்கோ சொல்லும்போது “மேல் கேட்டுக்கு வாங்க” என்று மறக்காமல் சொல்லுங்கள். கீழே வந்து நின்றுவிட்டால் மேல் சாலைக்குச் சுற்றி வரக் கால் மணி நேரம் வீணாகும். பாலத்தின் இரும்புத் தகடு பனியில் வழுக்கும் என்பதால் தென்னை நார் மிதியடி விரித்திருக்கிறோம். அதன் மேலேயே நடங்கள், கைப்பிடியை விடாதீர்கள். மாலை 6 மணிக்குப் பிறகு போக வேண்டியிருந்தால் இன்டர்காமில் 9ஐ அழையுங்கள். காவலர் டார்ச் அடித்து, சாலையில் மாடு நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கேட்டைத் திறப்பார். அவசரப்படுத்த வேண்டாம்.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் காலை 7 முதல் இரவு 8 வரை இரண்டு உதவியாளர்கள் இருக்கிறார்கள். அதே எண் 9தான். மருத்துவமனைக்குப் போகும் நேரம் தெரிந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். டயாலிசிஸ் செல்பவர்களுக்கு முதலிடம். பையைத் தூக்குவது, கூடவே நடப்பது, மருந்து வாங்கி வருவது, பால் பாக்கெட்டையும் 20 லிட்டர் தண்ணீர் கேனையும் வீட்டு வாசல் வரை கொண்டு வருவது எல்லாம் இவர்கள் வேலை. பணம் கொடுக்க வேண்டாம். சிலிண்டர் நிரம்பியிருக்கையில் 30 கிலோவுக்கு நெருக்கமாக இருக்கும். அதையும் இவர்களிடமே விட்டுவிடுங்கள், வீட்டுப் பெரியவர்கள் உருட்டிக்கொண்டு போக வேண்டாம்.

நடக்கவே முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்குவார்கள். சக்கர நாற்காலியோடு சேர்த்துத் தூக்கச் சொல்லாதீர்கள். அதன் கைப்பிடியும் கால்பலகையும் கழற்றி மாட்டும் வகை, தூக்கும்போது கையோடு வந்துவிடும். கை வைத்த கெட்டியான மரநாற்காலி ஒன்றை இதற்காகவே மூன்றாம் மாடியில் வைத்திருக்கிறோம். அதில் உட்கார வைத்து, இடுப்பிலும் மார்பிலும் பட்டையால் கட்டி, ஒருவர் முதுகுப் பக்கமும் ஒருவர் கால் பக்கமும் பிடிக்க வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் உட்கார்ந்திருப்பவர் முகம் இறங்கும் திசையைத்தான் பார்க்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் முன்னால் சரிந்துவிடுவார். குளிருக்குப் போர்த்தியிருக்கும் சால்வை காலுக்குக் கீழே தொங்காமல் சுருட்டிச் செருகிவிடுங்கள்.

தடி ஊன்றி நடப்பவர்கள் ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது தடியையும் வலிக்கிற காலையும் முதலில் வையுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். மூச்சு வாங்கினால் உட்காருங்கள், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். படிக்கட்டு விளக்குகள் இரவு முழுக்க எரியும், அணைக்க வேண்டாம்.

நெஞ்சு வலி, திடீர் மூச்சுத் திணறல், கை கால் இழுத்துக்கொள்வது, இவற்றில் எது என்றாலும் நோயாளியை நடக்க விடாதீர்கள். முதலில் 108, அடுத்து இன்டர்காம் 9. இரண்டாம் மாடியும் அதற்கு மேலும் என்றால் ஆம்புலன்ஸை மேல் கேட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஸ்ட்ரெச்சர் நேராகப் பாலத்தின் வழியே வந்துவிடும்.

இந்த நாலு நாளும் படியே வேண்டாம் என்று நினைக்கும் பெரியவர்களுக்குத் தரைத்தள விருந்தினர் அறை தயார். இரண்டு கட்டில், ஹீட்டர், வெஸ்டர்ன் டாய்லெட், வெந்நீர் எல்லாம் உண்டு. முதலில் கேட்பவர்களைவிட உடல்நிலை மோசமாக இருப்பவர்களுக்கே முன்னுரிமை தருவோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன ஆயிற்று, ஏன் நான்கு நாள்

ஐப்பசி மழையில் மலைப்பக்கத் தடுப்புச் சுவரின் வழியாகத் தண்ணீர் கசிந்து லிஃப்ட் குழிக்குள் 7 அங்குலம் தேங்கியிருந்தது. லிஃப்ட் வேகம் மீறினால் பிடித்து நிறுத்தும் கவர்னர் கயிற்றை இழுத்து வைக்கும் சக்கரம் அந்தக் குழியில்தான் இருக்கிறது. அதன் பாதுகாப்பு சுவிட்சுக்குள் தண்ணீர் புகுந்து, 110 வோல்ட் பாதுகாப்பு லைன் எர்த் ஆகி ஃபியூஸ் போயிற்று. மின்தடையில் பக்கத்து மாடிக்குக் கொண்டு சேர்க்கும் பேட்டரி சாதனம் இருந்தும் உதவவில்லை. பாதுகாப்பு லைன் முழுமையாக இருந்தால்தான் அது இயங்கும்.

இதில் எங்கள் தரப்புத் தவறுகள் இரண்டு. சுவரில் தண்ணீர் வடிவதற்கான வீப் ஹோல்களில் மண் அடைத்திருந்ததை மழைக்கு முன் சுத்தம் செய்யவில்லை. ஃபியூஸ் போனதும் டெக்னீஷியன் வருவதற்குள் அவசரத்தில் கனமான கம்பியைப் போட்டதால் கன்ட்ரோல் பேனலின் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. சரியான ஃபியூஸ் மட்டும் போட்டிருந்தால் சுவிட்சோடு முடிந்திருக்கும். இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்று தண்ணீரை பம்ப் வைத்து இறைத்து, ஹாலஜன் விளக்கும் புளோயரும் போட்டுக் காய வைக்கிறோம். இந்தக் குளிரில் குழி தானாகக் காயாது. சுவிட்சும் டிரான்ஸ்ஃபார்மரும் நாளை மாலைக்குள் கோவையிலிருந்து வந்துவிடும். வியாழன் அவற்றை மாட்டி, எலக்ட்ரானிக் கார்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் கருவி வைத்து ஒவ்வொரு வயரையும் சோதிப்பார்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அன்று ஓட்ட மாட்டோம். மறுபடி காய வைத்துத்தான் சோதனை. வெள்ளி காலை ஆள் இல்லாமல் 20 முறை, பிறகு 6 பேர் எடையான 408 கிலோ ஏற்றிச் சோதனை ஓட்டம்.

அந்த ஒரு சுவிட்சை மட்டும் பைபாஸ் செய்து தற்காலிகமாக ஓட்டலாமே என்று சிலர் கேட்டார்கள். முடியாது. கவர்னர் கயிறு தளர்ந்துபோனாலும் லிஃப்ட் நிற்காமல் ஓடும், விழும் நேரத்தில் பிடிக்க எதுவும் இருக்காது. டெக்னீஷியனிடம் யாரும் தனியாக இதைக் கேட்க வேண்டாம்.

லிஃப்ட் கதவை எந்த மாடியிலும் சாவி போட்டோ நெம்பியோ திறக்காதீர்கள். கூண்டு அங்கே இருக்காது. பிள்ளைகளிடமும் வேலைக்கு வருபவர்களிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.

குழியில் தண்ணீர் புகுந்த பழுது பராமரிப்பு ஒப்பந்தத்தில் வராது. செலவு ரூ.38,500 சங்கத்தின் இருப்பு நிதியிலிருந்து போகிறது, தனி வசூல் இல்லை.

தினமும் இரவு 7 மணிக்கு வேலை எந்த அளவில் இருக்கிறது என்பதைத் தரைத்தளப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவோம். போன் பார்க்காத பெரியவர்கள் வீட்டுக்குக் காவலரே வந்து சொல்வார். பகலில் சந்தேகம் இருந்தால் அலுவலக இன்டர்காம் 12.

செயலாளர்
குடியிருப்போர் நலச் சங்கம், ‘பி’ பிளாக்