விளம்பரவியல் அறிமுகம், ஒப்படைப்பு 2: ‘பனைக்கரை’ பனங்கிழங்குக் குச்சி – சந்தைப் பிரிவும் பிராண்டு நிலைநிறுத்தமும்

பொருள்: அவித்துக் காயவைத்து அரைத்த பனங்கிழங்கு மாவு 40 பங்கு, அரிசி மாவு 40, கடலை மாவு 20. முண்டு மிளகாய், ஓமம், உப்பு சேர்த்துப் பிசைந்து, விரல் நீளக் குச்சிகளாகப் பிழிந்து பொரித்தது. பாதிக்கு மேல் கிழங்கு மாவு போனால் எண்ணெயில் உதிர்ந்துவிடும். அவிக்காத கிழங்கை அரைத்தால் கசக்கும். கிழங்கு மார்கழி, தை மாதங்களில்தான் மலிவு. ஆண்டு முழுதும் விற்க அப்போதே மாவாக்கி வைக்க வேண்டும்.

யாருக்கு விற்பது?

‘18 முதல் 35 வயது’ என்று பிரிப்பது இங்கே உதவாது. வாங்கும் சந்தர்ப்பத்தை வைத்தே பிரித்தோம். உள்ளூர்க் குடும்பங்கள் தை மாதத்தில் அவித்த கிழங்கைக் கட்டாகவே வாங்குவார்கள். அதையே பாக்கெட்டில் அடைத்து 60 ரூபாய் என்றால் சிரிப்பார்கள். பெட்டிக்கடைப் பிள்ளைகளுக்கு 10 ரூபாய்ப் பாக்கெட் வேண்டும். அந்த விலையில் பெரிய நிறுவனங்களோடு மோதிக் கட்டுப்படியாகாது. கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் பெட்டி கட்டுவோர் நல்ல வாடிக்கையாளர்கள்தான், ஆனால் அவர்கள் கேட்பது அரைக் கிலோ. அது இரண்டாம் கட்டம்.

முதல் இலக்கு, ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் நீராடி, 22 தீர்த்தமும் ஆடி, ஊர் திரும்பும் வெளியூர் யாத்ரீகர். ரயிலில் கொறிக்கவும் வேண்டும், வீட்டாருக்குக் கொடுக்கவும் வேண்டும். பலர் வெங்காயம், பூண்டு தொடமாட்டார்கள். அதனால் கலவையில் இரண்டும் இல்லை, இதை உறையின் முன்பக்கமே தமிழ், இந்தி, தெலுங்கில் சொல்கிறோம். ‘சமணர்களுக்கு ஏற்றது’ என்று மட்டும் போடக்கூடாது: மண்ணுக்கடியில் விளைவதை அவர்களில் பலர் உண்பதில்லை.

எங்கே நிறுத்துவது?

இதைக் காராச்சேவு என்று அழைத்தால் வாங்குபவர் உடனே சாத்தூரோடு ஒப்பிடுவார், அந்தப் போட்டியில் புதியவருக்கு இடமில்லை. ஆகவே போட்டிப் பொருள்களாக நாங்கள் எடுத்துக்கொண்டது, யாத்ரீகர்கள் ஊருக்கு வாங்கிச் செல்லும் சங்கு, சிப்பி மாலை, கருப்பட்டி மிட்டாய்.

நிலைநிறுத்த வாக்கியம்: ‘ராமேஸ்வரம் வந்து திரும்புவோர் வீட்டுக்கு எடுத்துச் செல்ல, இந்தக் கரையின் பனையும் முண்டு மிளகாயும் சேர்ந்த, வெங்காயம் பூண்டு இல்லாத காரக் கொறிப்பு.’

நார்ச்சத்து பற்றிப் பேச ஆசைதான். ஆனால் ‘நார்ச்சத்து நிறைந்தது’ என உறையில் அச்சிட 100 கிராமில் 6 கிராமாவது இருக்க வேண்டும். ஆய்வகச் சோதனை முடியும்வரை அந்த வாசகம் கிடையாது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரையை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதியாமல் போடவும் கூடாது.

விலையும் உறையும்

100 கிராம், 60 ரூபாய். கடைக்காரருக்கு 20 சதவீதம், அதாவது 12 ரூபாய். இதில் குறைத்தால் சரக்கு பின் அலமாரிக்குப் போய்விடும். கடல் காற்றில் சாதாரண பிளாஸ்டிக் உறையில் குச்சி சீக்கிரமே நமத்துவிடும். உள்ளே அலுமினியப் பூச்சுள்ள உறையில் நைட்ரஜன் நிரப்பி ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தில் மாவுத்தூள் படிந்தால் காற்று கசியும்.

விளம்பரம் இரண்டே இடத்தில்: கிழக்குக் கோபுர வாசல் கடைகளில் ருசி பார்க்கத் தட்டு, ரயில் நிலையத்தில் ஒரு பலகை. பலகையில் ஒரே வரி: ‘பிரசாதம் எடுத்தாச்சு, பனை எடுத்தாச்சா?’