பக்க அனுமதி தருவது தொடர்பாக: கடவுச்சொல் வேண்டாம், இப்படிச் செய்யுங்கள்

மதுரை
3.9.2025

மதிப்பிற்குரிய வள்ளியப்பன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தை எங்கள் ஏஜென்சி கவனித்துக்கொள்வதற்காக, நேற்று இரவு வாட்ஸ்அப்பில் உங்கள் மகனின் ஃபேஸ்புக் கடவுச்சொல்லை அனுப்பியிருந்தீர்கள். எங்கள் மேல் வைத்த நம்பிக்கைக்கு நன்றி. ஆனால் அதை நான் பயன்படுத்தவில்லை, என் கைப்பேசியிலிருந்தும் அழித்துவிட்டேன். உங்கள் பக்கத்திலும் அந்தச் செய்தியை அழித்துவிட்டு, மகனிடம் சொல்லி இன்றே கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள்.

காரணம் இதுதான். கடைப் பக்கத்துக்கென்று தனிக் கடவுச்சொல் கிடையாது. நீங்கள் அனுப்பியது உங்கள் மகனின் சொந்தக் கணக்கின் சாவி. அதைக் கொண்டு உள்ளே போனால் அவருடைய குடும்பப் படங்களும் நண்பர்களோடு பேசியதும் எங்கள் பார்வைக்கு வந்துவிடும். அது எங்களுக்குத் தேவையில்லாதது. தவிர, சிங்கப்பூரில் இருப்பவரின் கணக்கு திடீரென்று மதுரையிலிருந்து திறக்கப்பட்டால் ஃபேஸ்புக் சந்தேகப்பட்டுக் கணக்கையே பூட்டிவிடக்கூடும். தீபாவளிக்கு இன்னும் 47 நாள்தான் இருக்கிறது. அதிரசமும் தேன்குழலும் கேட்டு ஆர்டர் குவிகிற நேரத்தில் பக்கம் பூட்டிக் கிடந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

கடவுச்சொல் இல்லாமலேயே எங்களுக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட வழி இருக்கிறது. பக்கத்தைத் தொடங்கியவர் உங்கள் மகன் என்பதால் இதை அவர்தான் செய்ய வேண்டும். இந்தக் கடிதத்தை அப்படியே அவருக்கு அனுப்பிவிடுங்கள். கைப்பேசியைவிடக் கணினியில் செய்வது எளிது. திரையில் தெரியும் ஆங்கிலச் சொற்களை அப்படியே எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை, மகனின் கணக்குக்கு இரண்டாவது பூட்டு. அவருடைய கணக்கில் Accounts Center, அதில் Password and security, பிறகு Two-factor authentication. குறுஞ்செய்தியைவிட, நுழைவதற்கான எண்ணைக் கைப்பேசியிலேயே காட்டும் Authentication app என்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் சிம் மாற்றுவதாகச் சொன்னீர்கள். அந்த நேரத்தில் குறுஞ்செய்தி வராமல் தவிக்க வேண்டியிருக்காது. கைப்பேசி தொலைந்தாலும் உள்ளே நுழைய உதவும் Recovery codes என்ற எண்கள் அங்கேயே கிடைக்கும். அவற்றைத் தாளில் எழுதி, கடைப் பத்திரங்களோடு பீரோவில் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது வேலைதான் முக்கியம். பக்கம் இப்போது ஒரு தனிமனிதரின் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கடையின் சொத்தாக்க வேண்டும். business.facebook.com என்ற முகவரிக்குப் போய், கடையின் பக்கம், விளம்பரக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் business portfolio ஒன்றைக் கடையின் பெயரில் தொடங்கட்டும். பிறகு Settings, அதில் Accounts, அதில் Pages, அங்கே Add பொத்தானை அழுத்தி, ஏற்கெனவே இருக்கும் கடைப் பக்கத்தைச் சேர்க்கட்டும்.

இதை நாங்களே செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், நாங்களே சொன்னாலும், ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் ஒரே ஒரு portfolio-வுக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். ஏஜென்சி தன்னுடையதில் சேர்த்துக்கொண்டால் பக்கம் ஏஜென்சியுடையதாகிவிடும். பிறகு மனத்தாங்கல் வந்து பிரிய நேர்ந்தால், சொந்தப் பக்கத்தைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டியிருக்கும். அப்படி அலைந்தவர்கள் எங்களிடம் வந்திருக்கிறார்கள்.

அதே Settings பகுதியில் People என்பதற்குள் உங்கள் மருமகளையும் சேர்த்து, அவருக்கும் பக்கத்தின் முழுப் பொறுப்பைக் கொடுத்துவையுங்கள். வீட்டுக்கு ஒரே சாவி இருந்து அதுவும் தொலைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருமகளின் கணக்கிலும் அந்த இரண்டாவது பூட்டு இருக்கட்டும்.

இனி எங்களுக்கான அனுமதி:

1. Settings பகுதியில் Users, அதற்குள் Partners.
2. Add பொத்தானை அழுத்தினால், உங்கள் சொத்துகளுக்குப் பங்காளியை அனுமதிக்கும் வழி வரும். எங்கள் சொத்துகளைக் கேட்கும் வழியும் அருகிலேயே இருக்கும். அதைத் தொட வேண்டாம்.
3. எங்கள் Business ID எண்ணைக் கேட்கும். கடந்த வாரம் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் அது அச்சாகியிருக்கிறது. அந்த ஒரு எண்ணைத் தவிர, வேறு யார் எந்த எண்ணை அனுப்பினாலும், என் பெயரிலேயே வந்தாலும், பயன்படுத்தாதீர்கள்.
4. Pages என்பதில் கடைப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும் அனுமதிகளின் பட்டியல் வரும். Content, Messages, Community activity, Ads, Insights ஆகிய ஐந்தை மட்டும் இயக்குங்கள்.
5. முழுக் கட்டுப்பாட்டைத் தரும் பொத்தானும் அதே திரையில் இருக்கும். அதை அணைத்தே வையுங்கள். பிறகு சேமித்துவிடுங்கள்.

இந்த ஐந்தில் பதிவு போடலாம், வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம், விளம்பரம் ஓட்டலாம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கலாம். பக்கத்தை அழிக்கவோ உங்களை வெளியேற்றவோ எங்களால் முடியாது. வாடிக்கையாளர் செய்திகளை நாங்கள் படிப்பதில் உங்களுக்கு விருப்பமில்லை என்றால் Messages என்பதை விட்டுவிடுங்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு "சீப்புச் சீடை கிலோ என்ன விலை" என்று வருவதற்கெல்லாம் மருமகளே பதில் எழுத வேண்டியிருக்கும்.

விளம்பரக் கணக்கும் உங்கள் portfolio-வுக்குள்ளேயே இருக்கட்டும். அதில் உங்கள் கார்டு, உங்கள் ஜிஎஸ்டி எண். எங்களுக்கு Manage campaigns என்ற அளவு போதும். கார்டு எண்ணை எங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று. இரண்டு ஆண்டுக்கு முன் கடையைப் படமெடுத்த ஸ்டூடியோக்காரர் அப்போது பக்கத்தில் சேர்க்கப்பட்டதாகச் சொன்னீர்கள். அவர் இன்னமும் உள்ளே இருக்கலாம். பக்கத்தின் Page access பகுதியில் இருக்கும் பெயர்களை மகன் ஒருமுறை வாசித்துப் பார்த்து, இப்போது அங்கே வேலை இல்லாதவர்களை நீக்கிவிடட்டும். அவர் மேல் குறை சொல்லவில்லை. நாளை அவருடைய கணக்கை யாராவது திருடினால் உங்கள் பக்கமும் சேர்ந்து போய்விடும் என்பதற்காகத்தான்.

பண்டிகை நெருங்க நெருங்க, "உங்கள் பக்கம் பதிப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் மூடப்படும், இங்கே அழுத்துங்கள்" என்று மெசஞ்சரில் செய்தி வரலாம். ஃபேஸ்புக் நிறுவனத்தின் சின்னம்கூட அதில் இருக்கும். அழுத்தாமல் எனக்கு ஒரு படம் பிடித்து அனுப்புங்கள். நாங்கள் உங்களை உள்ளே நுழையச் சொல்லி இணைப்பு அனுப்ப மாட்டோம், ஓடிபியும் கேட்க மாட்டோம்.

திரையில் சொற்கள் அவ்வப்போது இடம் மாறும். நான் எழுதியபடி ஏதாவது தென்படவில்லை என்றால் ஊகித்து அழுத்த வேண்டாம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு மகனும் நானும் வீடியோ அழைப்பில் அமர்ந்தால் அரை மணியில் முடிந்துவிடும். அவர் திரையைக் காட்டட்டும், நான் சொல்லச் சொல்ல அவரே அழுத்தட்டும். அந்த நேரம் அவருக்குச் சரிப்படுமா என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். செப்டம்பர் 15 அன்று முதல் பதிவைப் போடத் திட்டமிட்டிருக்கிறோம்.

ஒப்பந்தம் டிசம்பர் 31 அன்று முடிகிறது. தொடர்வதாக இல்லையென்றால் எங்களைக் கேட்கக்கூட வேண்டாம்: அதே Partners பகுதியில் எங்கள் பெயரைத் தேர்ந்து Remove அழுத்தினால் அந்த நிமிடமே நாங்கள் வெளியே.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கவிதா
வாடிக்கையாளர் பொறுப்பாளர்

பி.கு.: கடவுச்சொல்லை மாற்றியதும் "மாற்றியாயிற்று" என்று மட்டும் எழுதுங்கள். புதியதை அனுப்பிவிடாதீர்கள் ஐயா.