குடி வைப்பு

நாலு வருஷத்துக்கு முன்னால் வரை நான் குடித்துக்கொண்டிருந்தவன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததில்லை, ஆனால் ராத்திரி குடித்தது காலையில் மூச்சில் நிற்கும். ஒருநாள் சவாரிக்கு வந்த பெரியவர் ஒருத்தர் அதைக் கண்டுபிடித்து, பாதி வழியில் இறங்கி வேறு வண்டி பிடித்துப் போனார். அதோடு விட்டேன். அப்போதும் என்னைத் துரத்தாமல் வைத்துக்கொண்டவர் எங்கள் டிராவல்ஸ் முதலாளி. அதனால் அவர் ஒன்று சொன்னால் எனக்கு அது சாமி வாக்கு.

"பாஸ்கரா, வர்றது கோயம்புத்தூர் மேடம். நகரி பக்கம் மில்லு போடறாங்க, மாச வாடகைக்கு நாலு வண்டி வேணுமாம். உன் வண்டியில ஏறிப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லுவாங்க. தேவையில்லாத பேச்சு ஒண்ணு வரக்கூடாது."

வண்டியைக் கழுவினேன், சீட் உறை மாற்றினேன், ஆந்திரா பர்மிட்டை முந்தின நாளே போட்டுவிட்டேன். அரக்கோணம் ஸ்டேஷனில் காலையில் இறங்கினார், அறுபது வயதுக்குப் பக்கம், காட்டன் புடவை, கையில் ஒரு ஃபைல். வணக்கம் சொன்னார், ஏறினார், ஃபைலைத் திறந்தார், அவ்வளவுதான். திருத்தணி தாண்டும் வரை ஒரு வார்த்தை இல்லை. மில் இடம் புதுசு, உள்ரோட்டில் எங்கேயோ இருக்கிறது என்று லொகேஷன் அனுப்பியிருந்தார்கள், அதனால் ஃபோனில் வழி போட்டிருந்தேன். தமிழில் அழகாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தது.

நகரிக்குள் நுழைந்தோம். மலை மூக்கை நீட்டிக்கொண்டு தெரிகிறது, தெருவில் விசைத்தறிச் சத்தம். திடீரென்று ஃபோனில் குரல் மாறியது.

"ரெண்டு வந்தல மீட்டர்லலோ குடி வைப்புக்கு திரகண்டி."

எனக்குப் புரிந்தது. எங்கள் பாட்டி வீட்டில் தெலுங்குதான், 1960க்கு முன்னால் திருத்தணியே ஆந்திராவில்தானே இருந்தது. ஆனால் பின்சீட்டில் ஃபைல் மூடும் சத்தம் கேட்டது. அதற்குள் மறுபடியும், இந்தத் தடவை இன்னும் பலமாக, "குடி வைப்புக்கு திரகண்டி."

"என்னங்க, குடிங்குது?"

கண்ணாடியில் பார்த்தேன், அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தெலுங்கில் குடி என்றால் வலது பக்கம் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது அதுவா? இல்லை.

"நான் நாலு வருஷமா குடிக்கறதில்லைங்க மேடம்."

யார் கேட்டது அதை! திரும்ப வேண்டிய இடமும் போய்விட்டது. ஃபோன் வேறு வழி தேடிக் கண்டுபிடித்து, அதே குரலில் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்கிறது. கையை நீட்டி அணைக்கலாம் என்றால் எதிரில் நூல் மூட்டை ஏற்றிய ஆட்டோ. முதலாளியின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. நாலு வண்டி, நாலு டிரைவர், எல்லாவற்றையும் ஒரு வாக்கியத்தில் கெடுத்துவிட்டேன் என்று வயிறு கலங்கியது.

ஓரமாக நிறுத்தினேன். திரும்பி உட்கார்ந்து, தெலுங்கில் குடி என்றால் வலது, எடம என்றால் இடது, குரல் ஏன் மாறியது என்று தெரியவில்லை, ரெண்டு நாளாக ஃபோன் அப்டேட் கேட்டுக்கொண்டே இருந்தது, ராத்திரி பையன் அதை அமுக்கியிருப்பான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். முன்னாடி சொன்னதும் நிஜம்தான் என்றும் சொல்லிவிட்டேன். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாலு வருஷங்களா?" என்றார்.

"வர்ற தை வந்தா அஞ்சுங்க."

"எங்க அண்ணனுக்கு ஒரு வருஷம்கூட முடியலைங்க," என்றார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

தமிழுக்கு மாற்றலாம் என்று ஃபோனை எடுத்தேன். "இருக்கட்டும், வழி சரியாத்தானே சொல்லுது," என்றார். வண்டியை எடுத்தேன். ஃபைலை அவர் மறுபடி திறக்கவில்லை. ஊரைத் தாண்டி மாந்தோப்பு ஓரமாகப் போகும்போது குரல் வந்தது, நான் கையை இண்டிகேட்டருக்குக் கொண்டுபோவதற்குள் பின்னாலிருந்து அவர் கேட்டார்.

"வலதுதானுங்களே?"

"ஆமாங்க மேடம்," என்று சொல்லித் திருப்பினேன்.