வேணிக்கு, ஜன்னல் நிலை வைக்க முதல்

வேணி,

இத மூணு நாளா எழுதி எழுதி அழிச்சிட்டு இரிக்கன். போன்லயே சொல்லிருவம் எண்டுதான் முதல் நினைச்ச, ஆனா நீ "ம்ம்" எண்டு ஒரு சத்தம் போட்டாலே நான் கதைய மாத்திருவன், போன மாசமும் அதுதானே நடந்த, சொல்ல எண்டு எடுத்துப்போட்டு ராவைக்கு என்ன கறி எண்டு கேட்டு வச்சிட்டன். அதால சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லுறன். நாம ரெண்டு பேரும் இதோட நிப்பாட்டுவம். கலியாணத்தப் பிந்திப் போடுறதப் பத்தி இல்ல, முழுசா நிப்பாட்டுறதப் பத்தித்தான் சொல்லுறன்.

வேற ஆரும் இல்ல. நீ ஒரு பிழையும் செய்யல்ல. அம்மா அப்பா வேணாம் எண்டும் சொல்லல்ல, எங்கட அம்மாக்கு இது தெரிஞ்சா எனக்குத்தான் ஏச்சு விழும்.

போன வியாழன் மாமா வரச்சொல்லிப் போனன் தானே, நீ ஸ்கூல்ல நிண்ட. கல்லுக்கட்டு ஜன்னல் மட்டத்துக்கு வந்திட்டு. மாமா ரெண்டாவது ரூமுக்குள்ள கூட்டிப்போய் "தம்பி, நீங்க இரிக்கப்போற ரூம், நிலைய எந்தப் பக்கம் வைக்கிற எண்டு நீங்களே சொல்லுங்க" எண்டார். மேசன் அண்ணன் கரண்டியப் பிடிச்சிட்டு எண்ட வாயையே பாத்துக்கிட்டு நிக்கார். நான் "கிழக்கால வையுங்க மாமா, கடக்காத்து வரும், கச்சான் அடிக்கிற பக்கம் வேணாம், சூடு" எண்டு சொல்லிட்டன், என்னமோ நாளைக்கே பாயக் கொண்டுவந்து போடப்போற ஆள் மாதிரி. மாமா அந்த இடத்துல ஒரு செங்கல்லால கோடு கீறினார். அந்தக் கோடு மூணு நாளா கண்ணுக்குள்ளயே நிக்கி புள்ள. அவர் பென்ஷன் காசுல சீமெந்து பேக் பேக்கா வாங்கிக் கட்டுறார். நான் இரிக்கப்போறல்ல எண்டு தெரிஞ்சிட்டே வாய மூடிக்கிட்டு நிக்கிறது களவு மாதிரித்தான்.

எங்கட பக்கம் கலியாணம் முடிச்சா மாப்பிள்ள பொம்புள வீட்டுக்குத்தான் போற, அது எனக்கு வெக்கமும் இல்ல, குறையும் இல்ல. உனக்கு வேணும் எண்டு நீ சொன்னதெல்லாம் சரிதான். கல்லடியில அந்த வீடு, மாமிக்கு சீனி கூடினா பக்கத்துலயே நிக்கோணும், நடந்து போற தூரத்துல ஸ்கூல், முப்பதுக்குள்ள ரெண்டு புள்ள. ஒண்டுலயும் பிழை இல்ல. எனக்குத்தான் அதுக்குள்ள என்னை வச்சுப் பாக்க வருதில்ல.

ஜப்பானுக்கு வேலைக்குப் போற விசயம் உனக்குத் தெரியும், ஆனா நான் உனக்கு முழுசாச் சொல்லல்ல. அந்த முதல் விசாவில கூடினது அஞ்சு வருசம், அதுல மனுசி புள்ளயக் கூட்டிட்டுப் போக ஏலா. நீ "நான் அஞ்சு வருசம் இரிப்பன்" எண்டு லேசாச் சொல்லிட்ட. நான் ஓம் எண்டு தலையாட்டினன். அது பொய். விசா மட்டும்தான் காரணம் எண்டா உன்னை இரிக்கச் சொல்லியிருப்பன். நான் திரும்பி வந்தாலும் கல்லடிக்கு வர ஆசை இல்ல, படுவான்கரைக்குத்தான் போவன். 2021ல உரம் இல்லாமப் போன போகத்துக்குப் பிறகு அப்பா ஈடு வச்ச அந்த மூணு ஏக்கர மீட்டு, வட்டைக்குள்ளயே ஒரு வீடு போட்டு, ரெண்டு மாடு, ஒரு சொந்த மிஷின். அதுதான் நான் கண்ண மூடினா வாறது. உன்னை ஒருக்கா தங்கச்சியோட கூட்டிட்டுப் போனனே, வரம்புல ஆனை லத்தியக் கண்டுட்டு நீ பைக்க விட்டு இறங்கவே இல்ல. "வெளிச்சம் இல்ல, பஸ் இல்ல, இஞ்ச ஆள் இரிக்குமா சுதா" எண்டு கேட்ட. நான் சிரிச்சன். ஆனா வாற வழியெல்லாம் நீ கேட்டது சரிதானே எண்டு நினைச்சுக்கிட்டுத்தான் வந்த.

நான் கேட்டா நீ வருவ. அதுதான் எனக்குப் பயம். வந்து மாமியை நினைச்சு நினைச்சு அங்க கிடப்ப. அல்லாட்டி நான் உனக்காக கல்லடியில ஒரு கடையப் போட்டுக்கிட்டு வட்டையை நினைச்சுக் கிடப்பன். மறுகா ஒரு நாள் புட்டுக்கு உப்புக் கூடிட்டு எண்டு சண்டை தொடங்கும், அது புட்டுக்கான சண்டையா இரிக்காது.

மண்முனைப் பாலத்தால வரக்குள்ள எப்பயும் ஒரு பகிடி சொல்லுவன் ஞாபகமா, இது 2014ல ஜப்பான் காசுல கட்டினதுதான், எண்ட மாமனார் வீட்டுக்குப் போக ஜப்பான்காரன் பாலம் போட்டிரிக்கான் எண்டு. முதல் எல்லாம் பாதைப் படகுல ஏறி ஆத்தக் கடந்துதான் வரோணும், பாதை போயிட்டு எண்டா அடுத்தது வருமட்டும் வெயிலுக்க நிக்கோணும் எண்டு அப்பா சொல்லுவார். நேத்து அந்தப் பாலத்துல பைக்க நிப்பாட்டிட்டு எவ்வளவு நேரம் நிண்டன் எண்டே தெரியா. ஒரு கிழவன் மீனுக்கு வலை எறிஞ்சிட்டு இரிந்தார், "தம்பி பெற்றோல் முடிஞ்சிட்டா" எண்டு கேட்டார். ஓம் எண்டு சொல்லிட்டன்.

ரெண்டு வருசத்தையும் நான் வீண் எண்டு நினைக்கல்ல, நீயும் நினைக்காத. மாமாங்கத் தீர்த்தத்துக்கு அந்த நெருக்கத்துக்க உண்ட செருப்புத் துலைஞ்சதும், எண்ட செருப்பப் போட்டுக்கிட்டு தாறா மாதிரி நீ நடந்ததும், நான் வெறுங்காலோட பைக் ஓட்டிக்கிட்டு வீட்ட போனதும், அதெல்லாம் எனக்கு நல்ல நாள்தான். அந்தச் செருப்ப நீ இன்னும் தரல்ல. வச்சிரு.

காப்பு. ஜப்பான் கிளாசுக்குக் காசு இல்லாம நிண்டப்ப நீ கழட்டித் தந்த அந்தக் காப்ப மீட்டுட்டன். இந்த மாரி வெட்டுக்கு ஒண்டரை மாசம் வெட்டு மிஷின் ஓட்டின காசு, வட்டியும் முதலும் கட்டியாச்சு, பேங்க் துண்டும் அதோட வச்சிரிக்கன். பூட்டுற இடத்துல கொஞ்சம் வளைஞ்சிரிக்கு, அது முதல்லயே இருந்ததா பேங்க்ல நடந்ததா தெரியா, நான் தட்டி நிமித்தப் பாத்தன், பயத்துல விட்டுட்டன். உண்ட காப்ப வச்சுப் படிச்சுப்போட்டு உன்னையே விட்டுட்டுப் போறான் எண்டு ஆக்கள் சொல்லுவாங்க. சொல்லட்டும், அதுல பாதி உண்மைதான். நீ ஏசினாலும் நான் கேட்டுக்கிட்டு நிப்பன்.

ஞாயித்துக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வீட்ட வாறன். மாமாக்கு நீ ஒண்டும் சொல்லத் தேவையில்ல, நானே அவருக்கு முன்னால இரிந்து சொல்லுறன், அடிச்சாலும் பரவால்ல. உனக்கு என்னைப் பாக்க விருப்பம் இல்லாட்டி சித்தி வீட்ட போயிரு, நான் காப்ப மாமிட கையில குடுத்துட்டு வந்திருவன். போன் நம்பர மாத்தல்ல, பிளாக்கும் பண்ணல்ல, ஆனா கொஞ்ச நாளைக்கு நானா எடுக்க மாட்டன், எடுத்தா கதைய மாத்திருவன் எண்டு எனக்கே தெரியும்.

மேசன் திங்கக்கிழமைதான் நிலை வைக்க வாறார் எண்டு மாமா சொன்னவர். அதுக்கு முதல் நீயே ஒருக்கா அந்த ரூமுக்குள்ள போய் நிண்டு பாரு. நான் எனக்குச் சரியா வாற பக்கத்தத்தான் சொன்னன். உனக்குக் கிழக்கு வெயில் வெள்ளன மூஞ்சில அடிச்சாப் பிடிக்காதுதானே.

சுதன்